கஸ்டமர் ரிவ்யூவை போஸ்ட் ஆக்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் சத்துமாவு, பொடி, எண்ணெய் செய்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்பவர்களுக்கு போஸ்ட் எழுதிக் கொடுக்கிறேன். வாங்கியவர்கள் அனுப்பும் ரிவ்யூவை என்ன செய்வது என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள். அந்தச் சந்தேகங்கள்தான் கீழே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சத்துமாவையே உதாரணமாக எடுத்திருக்கிறேன். இதில் வரும் ரிவ்யூக்கள் விளக்குவதற்காக நான் எழுதிய மாதிரிகள், யாருடைய சொந்த மெசேஜும் இல்லை.

நல்லா இருக்குன்னு அவங்களே அனுப்பினதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அப்படியே போட்டா போதாதா?

போடலாம், தப்பில்லை. ஆனால் பெரும்பாலும் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். "சூப்பர் அக்கா", "வேற லெவல்", "செம டேஸ்ட்" என்கிற ஸ்கிரீன்ஷாட் மாவு விற்கிற எல்லோரிடமும் இருக்கிறது. வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவருக்கு அதில் புதிதாக எதுவும் தெரிவதில்லை.

அவர் தயங்குவதற்கு ஒரு காரணம் இருக்கும். அது என்னவென்று உங்கள் வாட்ஸ்அப்பிலேயே கிடைக்கும். ஆர்டர் போடுவதற்கு முன் கேட்டவர்களின் மெசேஜ்களை ஒரு அரைமணி நேரம் பின்னோக்கிப் படித்துப் பாருங்கள். "குழந்தை குடிக்குமா?", "எத்தனை நாள் கெடாம இருக்கும்?", "கட்டி தட்டுமா?", "சர்க்கரை சேர்த்திருக்கீங்களா?" என்று நாலைந்து கேள்விகளே திரும்பத் திரும்ப வந்திருக்கும். அவற்றில் ஒன்றுக்குப் பதிலாக அமைகிற வரி எந்த ரிவ்யூவில் இருக்கிறதோ, போஸ்ட் ஆக வேண்டியது அதுதான். ஒரு போஸ்டுக்கு ஒரு சந்தேகம் போதும்.

ஒரு ரிவ்யூல நாலு விஷயம் இருக்கு. எந்த வரியை எடுக்கணும், எப்படி எழுதணும்?

இப்படி ஒரு மெசேஜ் வந்ததாக வைத்துக்கொள்வோம்:

"அக்கா மாவு வந்துருச்சு. பார்சல் ரெண்டு நாள் லேட்டு, பரவால்ல. சின்னவன் கஞ்சினாலே ஓடுவான், இத ரெண்டு நாளா காலைல ஒரு டம்ளர் குடிச்சிட்டு ஸ்கூலுக்கு போறான். வாசம் சூப்பர். ஆனா கட்டி தட்டுது, கிண்டிகிட்டே இருக்க வேண்டியிருக்கு. அடுத்த மாசம் ஒரு கிலோ வேணும்."

இதைப் பார்த்ததும் பலர் எழுதுவது: "குழந்தைகள் விரும்பிக் குடிக்கும் சத்துமாவு! 'என் மகன் தினமும் கேட்டு வாங்கிக் குடிக்கிறான்' என்கிறார் நம் வாடிக்கையாளர்." பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் இப்படி எழுதுவதில்லை, சந்தோஷத்தில் கை ஓடிவிடுகிறது. ஆனால் மெசேஜையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரெண்டு நாள் என்பது தினமும் ஆகிவிட்டது. குடித்தான் என்பது கேட்டு வாங்கிக் குடித்தான் ஆகிவிட்டது. ஒரு பையன் "குழந்தைகள்" ஆகிவிட்டான். அந்த அம்மா சொல்லாத மூன்றை அவர் வாயில் வைத்திருக்கிறோம்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"கஞ்சி என்றாலே ஓடுகிற பிள்ளை உங்கள் வீட்டிலும் உண்டா?
'சின்னவன் கஞ்சினாலே ஓடுவான், இத ரெண்டு நாளா காலைல ஒரு டம்ளர் குடிச்சிட்டு ஸ்கூலுக்கு போறான்.'
ஒரு அம்மா ஜூன் மாதம் வாட்ஸ்அப்பில் அனுப்பியது.
எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும் என்று எங்களால் சொல்ல முடியாது. அதற்காகத்தான் 100 கிராம் பாக்கெட் வைத்திருக்கிறோம். முதலில் அதை வாங்கிக் காய்ச்சிக் கொடுத்துப் பாருங்கள்."

மேற்கோள் குறிக்குள் இருப்பது முழுக்க அவர் சொன்னது. வெளியே இருப்பது நாம் சொல்வது. இரண்டும் கலக்காமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. "ரெண்டு நாளா" என்பதை வெட்டத் தோன்றும், வெட்டாதீர்கள். படிக்கும் அம்மாவுக்கு அந்த ரெண்டு நாள்தான் நம்பிக்கை தருகிறது, ஏனென்றால் தன் வீட்டிலும் அவ்வளவுதான் முதலில் நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

எழுத்துப்பிழை, கொச்சைத் தமிழ் எல்லாம் இருந்தா திருத்தலாமா?

தட்டச்சில் விழுந்த பிழையைத் திருத்தலாம். "சூபர்" என்று வந்தால் "சூப்பர்" என்று போடலாம், ரெண்டு வாக்கியம் முற்றுப்புள்ளி இல்லாமல் ஓடினால் நடுவில் ஒரு புள்ளி வைக்கலாம். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்ற வேண்டாம். "குடிச்சிட்டு போறான்" என்பதை "அருந்திவிட்டுச் செல்கிறான்" என்று ஆக்கினால் அர்த்தம் மாறாது, ஆனால் மனிதர் மாறிவிடுவார். அந்த அம்மாவே படித்தாலும் தன் பேச்சு என்று அடையாளம் தெரியாது.

ரொம்ப நீளமா எழுதியிருக்காங்க. வெட்டிப் போடலாம்ல?

வெட்டலாம். வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி வையுங்கள். ஆனால் புள்ளி வைத்துவிட்டால் எதை வேண்டுமானாலும் வெட்டலாம் என்று இல்லை. "ஆனா", "மட்டும்", "போட்டா", "இல்லைனா" மாதிரிச் சொற்கள் வருகிற இடத்தில் கத்தி வைக்காதீர்கள், அங்கேதான் பேச்சு திரும்பும்.

"நாட்டுச் சர்க்கரை நிறைய போட்டா பசங்க குடிக்கிறாங்க" என்று ஒருவர் எழுதுகிறார். "...பசங்க குடிக்கிறாங்க" என்று போட்டால் ஒவ்வொரு எழுத்தும் அவருடையதுதான், சொன்ன செய்தி மட்டும் அவருடையது இல்லை. அந்த போஸ்டைப் பார்த்து வாங்கி, இனிப்பு போடாமல் காய்ச்சிக் கொடுக்கிறவர் ஏமாந்துபோவார். நான் வெட்டி முடித்ததும் எழுதியவரே எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து வாய்விட்டுப் படிப்பேன். "நான் அப்படிச் சொல்லலையே" என்று அவர் சொல்ல இடம் இருந்தால், வெட்டியதைத் திரும்ப ஒட்டிவிடுவேன்.

ரெண்டு பேருடைய வரிகளைச் சேர்த்து ஒரே மேற்கோளாகப் போடுவதும் வேண்டாம். ரெண்டும் உண்மையான வரியாகவே இருந்தாலும், அப்படிச் சொன்ன ஆள் உலகத்தில் இல்லை.

இங்கிலீஷ்ல வந்த ரிவ்யூவைத் தமிழ்ல போடலாமா?

தாராளமாக. கீழே "ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழாக்கம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கவனிக்க வேண்டியது சூட்டின் அளவு. "நாட் பேட்" என்று எழுதியவர் "பரவாயில்லை" என்றுதான் சொல்கிறார், "அருமை" என்று சொல்லவில்லை. மொழி மாறும்போது நம்மை அறியாமலே ஒரு படி ஏற்றிவிடுகிறோம். முடிந்தால் தமிழாக்கத்தை அவருக்கே அனுப்பி ஒரு "ஓகே" வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடித்திருந்தால் அது மொழிபெயர்ப்பே இல்லை. ஒலியை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினால் போதும்.

நமக்குத்தானே அனுப்பினாங்க, கேட்காம போட்டா என்ன?

உங்களுக்கு அனுப்பினார், ஊருக்கு அனுப்பவில்லை. வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டில் மேலே பெயரோ போன் நம்பரோ இருக்கும், பக்கத்தில் போட்டோ இருக்கும், சில சமயம் முந்தைய மெசேஜில் வீட்டு விலாசமே இருக்கும். நம்பரின் மேல் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து விட்டால் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்ப்பவருக்கு அது தெரியும். அதனால்தான் ஸ்கிரீன்ஷாட்டை விட்டுவிட்டு வரியைத் தனியாகத் தட்டச்சு செய்யச் சொல்கிறேன்.

கேட்பது ஒரு நிமிட வேலை. "அக்கா, நீங்க அனுப்பினதுல இந்த வரியை எங்க பேஜ்ல போட்டுக்கவா? உங்க பேர் போடலாமா, இல்ல 'ஒரு அம்மா'ன்னு மட்டும் போடவா?" என்று, போடப்போகும் வரியையும் சேர்த்து அனுப்புங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்பார்கள். பதில் வரவில்லை என்றால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தை குடிக்கிற போட்டோ அனுப்பியிருந்தால் அதற்குத் தனியாகக் கேளுங்கள், வரிக்குச் சரி என்றது போட்டோவுக்கும் சேர்த்து இல்லை.

கூகுள் மேப்பிலோ இன்ஸ்டாகிராம் கமெண்டிலோ எழுதியிருந்தால் அது ஏற்கெனவே பொதுவில் இருக்கிறது. இருந்தாலும் விளம்பரத்தில் அவர் பெயரைப் போடுவது வேறு காரியம். நான் அதற்கும் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன்.

"இதைக் குடிச்சு சுகர் குறைஞ்சிடுச்சு"ன்னு கஸ்டமரே எழுதியிருக்காங்க. நான் சொல்லலையே, அவங்க வார்த்தைதானே?

இந்தப் பக்கத்திலேயே அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். ரொம்ப நல்ல மனசோடு கேட்பார்கள். பதில்: போடக் கூடாது, மேற்கோள் குறிக்குள்கூட. அவர் உங்களுக்கு எழுதியது அவர் அனுபவம். அதை எடுத்து உங்கள் பேஜில், கீழே விலையும் ஆர்டர் நம்பரும் சேர்த்துப் போட்ட நிமிடமே அது உங்கள் விளம்பரம். அதில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

உணவுப் பொருள் ஒரு நோயைத் தடுக்கும், குறைக்கும், குணமாக்கும் என்று அனுமதி இல்லாமல் விளம்பரம் செய்வதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விளம்பர விதிமுறைகள் தடுக்கின்றன. உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006-இன்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இலும் முதல் தடவைக்கு 10 லட்சம் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் என்று இருக்கிறது. "கஸ்டமர்தான் சொன்னார்" என்பது இதற்கு ஒரு கேடயம் இல்லை.

சட்டம் கிடக்கட்டும். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கலாம். அதே மாதத்தில் டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கலாம், அவர் நடக்கத் தொடங்கியிருக்கலாம், காலை இட்லியை நிறுத்தியிருக்கலாம். மாவுதான் காரணம் என்று அவராலும் சொல்ல முடியாது, நம்மாலும் முடியாது. கேழ்வரகு மாவும் மாவுச்சத்துதான், நன்றாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் சீக்கிரமே செரித்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். உங்கள் போஸ்டை நம்பி மாத்திரையை விட்டுவிட்டு ரெண்டு வேளை கஞ்சி குடிக்கிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். எனக்கு அந்த நினைப்பு வந்த பிறகு இந்த வரியை எழுதக் கை வந்ததே இல்லை.

அதே ரிவ்யூவில் வேறு ஏதாவது இருக்கும். "காலைல இட்லி சுட நேரமில்லாதப்ப இதுதான் கை குடுக்குது" என்று இருந்தால் அதை எடுங்கள். சர்க்கரை பற்றி ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் நிரூபிக்க முடிந்ததை உங்கள் குரலில் சொல்லுங்கள்: "நாங்கள் சர்க்கரையோ வெல்லமோ சேர்ப்பதில்லை. சேர்ந்திருக்கும் எல்லாப் பொருளும் பாக்கெட்டின் பின்னால் இருக்கிறது." எழுதியவருக்குத் தனியாக, "ரொம்ப சந்தோஷம்மா, ஆனா மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காம விட்றாதீங்க" என்று ஒரு பதில் போட்டுவிடுங்கள். எடை குறைந்தது, முடி கொட்டுவது நின்றது, ரத்தம் ஊறியது எல்லாவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள்.

"வாங்கின எல்லாரும் திரும்ப வாங்குறாங்க"ன்னு போடலாமா? நிஜமாவே நிறைய பேர் வாங்குறாங்க.

"நிறைய பேர்" என்பது மனக்கணக்கு. திரும்ப வாங்குகிறவர் நம்மோடு பேசிக்கொண்டே இருப்பார், வாங்காமல் போனவர் சத்தமில்லாமல் போயிருப்பார். அதனால் மனக்கணக்கு எப்போதும் நமக்குச் சாதகமாகத்தான் விழும்.

ஆர்டர் நோட்டைத் திறந்து எண்ணுங்கள். மார்ச் மாதம் முதல் தடவை வாங்கியவர்கள் 64 வீடு என்று வைத்துக்கொள்வோம். ஜூன் கடைசிக்குள் அவர்களில் 23 வீடு திரும்ப வாங்கியிருக்கிறது. எண்ணிப் பார்த்ததும் "இவ்வளவுதானா" என்று முகம் வாடுவார்கள். "மார்ச்சில் முதல் தடவை வாங்கிய 64 வீட்டில் 23 வீடு ஜூனுக்குள் மறுபடி கேட்டு வாங்கியது" என்று எழுதிப் பாருங்கள், "எல்லாரும் வாங்குறாங்க" என்பதைவிட இதற்கு எடை அதிகம். எண்ணி எழுதியிருக்கிறார் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். மொத்தம் எத்தனை, எந்த மாதம் என்ற இரண்டையும் விடாமல் எழுதுங்கள். நோட்டையும் பத்திரமாக வையுங்கள், யாராவது கேட்டால் காட்ட வேண்டும்.

குறையும் சேர்த்து எழுதியிருந்தா அந்த ரிவ்யூவைத் தூக்கிப் போட்டுடலாமா?

தூக்கிப் போடாதீர்கள். இரண்டாவது கேள்வியில் பார்த்த அதே மெசேஜுக்கு வாருங்கள்: "கட்டி தட்டுது, கிண்டிகிட்டே இருக்க வேண்டியிருக்கு." முதல் போஸ்ட் குழந்தை பற்றியது, அதில் இந்த வரி வராதது ஏமாற்று ஆகாது, குழந்தை குடித்தது கட்டியால் பொய்யாகிவிடவில்லை. ஆனால் "காய்ச்சுவது சுலபம்" என்று ஒரு போஸ்ட் போட்டு, அதற்கு இதே அம்மாவின் "வாசம் சூப்பர்" வரியைத் துணைக்கு வைத்தால் அது ஏமாற்று.

இந்தக் குறையே தனியாக ஒரு போஸ்ட் ஆகும். "'கட்டி தட்டுது, கிண்டிகிட்டே இருக்க வேண்டியிருக்கு' என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். கொதிக்கிற தண்ணீரில் மாவைப் போட்டால் மேல்மாவு உடனே வெந்து ஒட்டிக்கொள்ளும், உள்ளே மாவு காய்ந்தே நிற்கும், அதுதான் கட்டி. ஒரு மேசைக்கரண்டி மாவை முதலில் அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு, பிறகு அடுப்பில் வைத்துச் சிறு தீயில் கிண்டுங்கள்." இதைப் படிக்கிறவர் உங்களிடம் வாங்காவிட்டாலும் கட்டியில்லாமல் காய்ச்சக் கற்றுக்கொள்வார். கட்டிக்குப் பயந்து தயங்கிக்கொண்டிருந்தவர் ஆர்டரும் போடுவார். கிண்டவே வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், கிண்டத்தான் வேண்டும்.

போன்ல நல்லா சொன்னாங்க, எழுத்துல இல்ல. அதை எப்படிப் போடுறது?

போனை வைத்ததும் ஞாபகம் இருப்பதை எழுதி, "நீங்க இப்படித்தானே சொன்னீங்க?" என்று அவருக்கே அனுப்புங்கள். அவர் திருத்தி அனுப்புவதுதான் மேற்கோள். அனுப்ப முடியவில்லை என்றால் மேற்கோள் குறி போடாமல், "வெளியூர் போகும்போது எடுத்துப்போவதாக ஒருவர் போனில் சொன்னார்" என்று உங்கள் பேச்சாகவே எழுதுங்கள்.

ஃப்ரீ சாம்பிள் குடுத்து எழுத வச்ச ரிவ்யூ, தங்கச்சி எழுதின ரிவ்யூ இதெல்லாம் போடலாமா?

சாம்பிள் கொடுத்து வாங்கியதைப் போடலாம், ஆனால் சாம்பிள் என்று போஸ்டிலேயே சொல்ல வேண்டும். விற்பவருக்கும் பரிந்துரைப்பவருக்கும் இடையே, படிப்பவர் எதிர்பார்க்காத தொடர்பு ஏதாவது இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. "இவருக்கு 100 கிராம் பாக்கெட் இலவசமாக அனுப்பினோம்" என்ற ஒரு வரி போதும். அதை இருபது ஹேஷ்டேகுக்கு நடுவில் ஒளித்து வைக்காதீர்கள், மேற்கோளுக்கு அடுத்த வரியிலேயே வையுங்கள்.

சாம்பிள் கொடுக்கும்போது "நல்லா எழுதுங்க" என்று கேட்காதீர்கள். "எப்படி இருந்துச்சோ அப்படியே எழுதுங்க" என்று கேளுங்கள். தங்கச்சி எழுதியதை வாடிக்கையாளர் ரிவ்யூ என்று போட வேண்டாம். "எங்க வீட்டுல இப்படித்தான் காய்ச்சுவோம்" என்று தங்கச்சியே பேசுகிற ஒரு சின்ன வீடியோ போடுங்கள், அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

போன வருஷம் வந்த ரிவ்யூவை இப்பப் போடலாமா?

பொருள் அதேபடி இருந்தால் போடலாம், மாதமும் வருஷமும் சேர்த்துப் போடுங்கள். பொருள் மாறியிருந்தால் கூடாது. இதில்தான் அனுபவப்பட்டவர்களே தடுக்கி விழுகிறார்கள். முந்திரி விலை ஏறியதால் பாதியாகக் குறைத்து நிலக்கடலை சேர்த்திருப்பார்கள். பழைய "முந்திரி வாசம் தூக்குது" ரிவ்யூ மட்டும் பேஜில் ஓடிக்கொண்டே இருக்கும். எழுதியவர் உண்மையைத்தான் எழுதினார், அவர் குடித்த மாவுதான் இப்போது இல்லை. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தை இருக்கிற வீட்டுக்கு இது வெறும் சுவை விஷயமும் இல்லை.

நான் ஒவ்வொரு ரிவ்யூவையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். வந்த தேதி, வந்தபடியே முழு மெசேஜ், எந்தக் கலவை, போடலாம் என்று சொன்ன தேதி, எந்த போஸ்டில் போட்டேன், அவ்வளவுதான். கலவை மாறிய அன்று நோட்டைத் திறந்து, பழைய கலவை ரிவ்யூ வைத்த போஸ்டுகளை எடுத்துவிடச் சொல்வேன்.

முன்னாடியே கொஞ்சம் ஏத்தி எழுதிப் போட்டாச்சு. அவங்களும் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. இப்ப என்ன பண்றது?

இன்றைக்கே எடுத்துவிடுங்கள், அல்லது கேப்ஷனைத் திருத்துங்கள். படத்துக்குள் எழுத்தாக இருந்தால் திருத்த முடியாது, போஸ்டையே நீக்கிப் புதிதாகப் போட வேண்டும். அவர் ஒன்றும் சொல்லாதது சங்கடத்தால் இருக்கும். "அக்கா, நீங்க ரெண்டு நாள்னு சொன்னதை நான் தினமும்னு போட்டுட்டேன், மாத்திட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்று மெசேஜ் போடுங்கள்.

அவராகவே பிறகு ஒருநாள் "அதை எடுத்துடுங்க" என்றால் காரணம் கேட்காமல் எடுங்கள். ஸ்டேட்டஸில் போட்டது தானாகப் போய்விடும். ஹைலைட்டில் சேர்த்திருந்தால் அங்கேயும், கேட்டலாக்கில் படமாக வைத்திருந்தால் அங்கேயும், உங்களிடம் வாங்கி மறுபடி விற்பவர்களுக்கு அனுப்பியிருந்தால் அவர்களிடமும் எடுக்கச் சொல்லுங்கள். எந்த போஸ்டில் போட்டோம் என்று நோட்டில் எழுதியிருந்தால் இது பத்து நிமிட வேலை.